வாடகை முன்பணம் கேட்டு எழுதும் கடிதம்: பொருள், பார்வை, ஒரே கோரிக்கை

கேள்வி: மார்ச் 31-ஆம் தேதி வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸ் 60,000 ரூபாய் இன்னும் வரவில்லை. பெயிண்டுக்காக ஒரு மாத வாடகை 12,000 பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் போனில் கேட்டால் வீட்டுக்காரர், “25,000 ஆகும்போல, பார்க்கலாம்” என்கிறார். இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர்த்தொட்டி ஒழுகியது, அவருடைய மகன் மரியாதையில்லாமல் பேசியது எல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் முறையாக எழுத வேண்டும். பொருள், பார்வை எப்படிப் போடுவது, எப்படி முடிப்பது? ஒப்பந்தம் இரண்டு முறை போட்டிருக்கிறோம்.

பதில்:

கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அவர் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வழியில் என்ற நான்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். அது முடிவானால் பொருளும் பார்வையும் தாமாக அமைந்துவிடும். அந்த வாக்கியத்துக்குத் தேவையில்லாத எதுவும் கடிதத்தில் இருக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் அந்த வாக்கியம் இப்படி வரும்: “எனவே, முன்பணப் பாக்கி ரூ.48,000-ஐ (ரூபாய் நாற்பத்தெட்டாயிரம் மட்டும்) 30.05.2025-க்குள் கீழ்க்காணும் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

ஏன் 60,000 கேட்கவில்லை என்று தோன்றலாம். நீங்கள் எந்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பணம் கேட்கிறீர்களோ, அதே ஒப்பந்தம்தான் பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. முழுத் தொகையையும் கேட்டால், ஒப்பந்தத்தைப் புரட்டி அந்த நிபந்தனையைக் காட்டும் வாய்ப்பை நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அந்த 12,000-ஐச் சுற்றியே போகும். அதை நீங்களே கழித்துக்கொண்டு 48,000 என்று எழுதினால், மிச்சம் நிற்பது அவர் கூடுதலாகச் சொல்லும் 13,000 மட்டும்தான். அதற்கு ஒப்பந்தத்தில் அவருக்கு ஆதாரம் இல்லை. வாடகை, மின்கட்டணம் என்று ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் கழித்துவிடுங்கள். கோரும் தொகை ஒப்பந்தத்தின்படி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக இருக்கக் கூடாது.

தேதியும் முக்கியம். “விரைவில்”, “தாமதமின்றி”, “உடனடியாக” என்று எழுதினால், அந்த ‘விரைவில்’ எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாள் குறிப்பிட்டால், மறுநாள் காலையில் அது தவறிவிட்டதா இல்லையா என்று இருவருக்கும் தெரியும். கடிதம் போய்ச் சேர மூன்று நான்கு நாள் ஆகும் என்று வைத்து, அதன் பிறகு பத்து நாளாவது கொடுங்கள். வங்கி வேலை செய்யும் நாளாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். மே 16-ஆம் தேதி அனுப்புவதாக வைத்தால் மே 30 வெள்ளிக்கிழமை, அது சரியாக வரும்.

இப்போது பெரும்பாலான கடிதங்கள் கெட்டுப்போகும் இடத்துக்கு வருகிறேன். முடிவு வரி பலருக்கு இப்படி வருகிறது: “எனவே முன்பணத்தைத் திருப்பித் தருமாறும், தண்ணீர்த்தொட்டியைச் சரிசெய்யாததற்கு விளக்கம் அளிக்குமாறும், தங்கள் மகனைக் கண்டிக்குமாறும், இனி இதுபோல் நடக்காமல் ஆவன செய்யுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் நான்கு கோரிக்கைகள் இருக்கின்றன. பெறுபவர் அவற்றில் தனக்கு எது எளிதோ அதற்கு மட்டும் பதில் சொல்வார். “மகன் பேசியது தப்புதான், நான் சொல்லிவைக்கிறேன்” என்று ஒரு போன் வரும். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அவர் கடிதத்துக்குப் பதில் சொல்லிவிட்டதாகவும் ஆகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முடிவு வாக்கியத்தில் ‘-ஆறு’ என்று முடியும் சொற்களை எண்ணுங்கள். ‘செலுத்துமாறு’ என்று ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘தருமாறும்… அளிக்குமாறும்…’ என்று உம் சேர்ந்து வந்துவிட்டால், கோரிக்கை ஒன்றுக்கு மேல் போய்விட்டது. ‘ஆவன செய்யுமாறு’, ‘உரிய நடவடிக்கை எடுக்குமாறு’ என்பவை இன்னொரு சிக்கல். அலுவலகத்துக்கு எழுதும் மனுவில் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியாதபோது அவை பயன்படும். இங்கே செய்ய வேண்டியவர் ஒருவர், செய்ய வேண்டிய செயலும் ஒன்று. அதை அப்படியே எழுதிவிடலாம்.

தண்ணீர்த்தொட்டியையும் மகன் பேசியதையும் விட்டுவிடச் சொல்வது உங்கள் வருத்தத்தைச் சிறிதாக நினைத்து அல்ல. நீங்கள் காலி செய்துவிட்ட வீட்டின் தொட்டியைப் பற்றிய புகார் இந்த 48,000-ஐக் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. ஒழுகலைச் சரிசெய்ய உங்கள் கைப்பணத்தைச் செலவழித்து, அதைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்திலோ எழுத்திலோ இருந்தால் மட்டும், அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்கலாம். அப்போதும் அது கணக்கில் ஒரு வரியாக வரட்டும், தனிக் கோரிக்கையாக வேண்டாம்.

அடுத்து, பொருள். நம் முறையான கடிதங்களில் பொருள் முழு வாக்கியமாக இருக்காது. சிறுகோடு போட்டு, பெரிய விஷயத்திலிருந்து சிறியதற்கு இறங்கி, ‘தொடர்பாக’ என்று முடியும். வாடகைக் கடிதத்துக்கு மூன்று துண்டுகள் போதும். எந்த வீடு, என்ன நடந்தது, என்ன வேண்டும்.

“பொருள்: (கதவு எண், தெரு) வாடகை வீடு – 31.03.2025 அன்று காலி செய்து ஒப்படைத்தது – முன்பணப் பாக்கி ரூ.48,000 திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.”

வீட்டு எண்ணைப் பொருளிலேயே போடுவது வீண் என்று நினைக்காதீர்கள். ஒரே உரிமையாளருக்கு மாடியில் ஒரு வீடு, கீழே இரண்டு வீடு என்று இருப்பது சாதாரணம். தொகையும் பொருளிலேயே வந்துவிடட்டும். கடிதத்தை முழுதாகப் படிக்காதவர்கூடப் பொருளைப் படிப்பார். அதில் வரும் தொகையும் முடிவு வரியில் வரும் தொகையும் ஒன்றேதானா என்று சரிபாருங்கள். முதலில் 60,000 என்று எழுதிவிட்டு, பிறகு கணக்கை மாற்றும்போது பொருளைத் திருத்த மறந்துவிடுவது நிறைய நடக்கிறது.

‘வீடு தொடர்பாக’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது. ‘என்னை ஏமாற்றியது தொடர்பாக’ என்று எழுதினால் முதல் வரியிலேயே சண்டை தொடங்கிவிடும். பொருளில் குற்றச்சாட்டு வேண்டாம்.

பார்வைதான் உங்களுக்குக் கவனம் தேவைப்படும் இடம், ஏனென்றால் ஒப்பந்தம் இரண்டு இருக்கிறது. பார்வை என்பது இந்தக் கடிதம் எந்த எழுத்து ஆதாரங்களின் மேல் நிற்கிறது என்று சொல்லும் பட்டியல். பழையது முதலில், புதியது கடைசியில் என்று தேதி வரிசையில் எண் போட்டு எழுத வேண்டும். பிறகு கடிதத்துக்குள் ஒவ்வொரு முறையும் ஆவணத்தின் முழுப்பெயரைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ‘பார்வை 2-இல் காணும் ஒப்பந்தத்தின்படி’ என்றால் போதும்.

நீங்கள் தேதிகளைச் சொல்லவில்லை. முதல் ஒப்பந்தம் 01.06.2023 முதல் 11 மாதம், இரண்டாவது 01.05.2024 முதல் 11 மாதம் என்று வைத்துக்கொள்வோம். காலி செய்தபோது நடப்பில் இருந்தது இரண்டாவது. ஆகவே முன்பணத்தைத் திருப்பித் தருவது, பெயிண்டுக்குப் பிடிப்பது ஆகிய நிபந்தனைகளை இரண்டாவதிலிருந்துதான் எடுத்துக்காட்ட வேண்டும். ஆனால் பணத்தை நீங்கள் கொடுத்தது முதல் ஒப்பந்தத்தின்போது. இரண்டாவதில் “ஏற்கெனவே பெற்றுக்கொண்ட முன்பணமே தொடரும்” என்று ஒரு வரி இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் முதல் ஒப்பந்தத்தில் இருப்பதால், இரண்டையும் பார்வையில் போடுங்கள். புதியதை மட்டும் போட்டுவிட்டு, “இந்த ஒப்பந்தத்தில் நீங்கள் எனக்குப் பணம் எதுவும் தரவில்லையே” என்ற பதிலைக் கேட்க நேர்வது வேண்டாத அலைச்சல்.

ஒப்பந்தத்தின் தேதியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் தடுமாற்றம் வரும். முத்திரைத்தாளில் அது வாங்கிய தேதி ஒன்று இருக்கும். ஒப்பந்தம் தொடங்கும் வரியில் ‘நாளது 2024-ஆம் ஆண்டு…’ என்று எழுதிக் கையெழுத்திட்ட தேதி இருக்கும். வாடகை தொடங்கும் தேதி உள்ளே ஒரு நிபந்தனையில் இருக்கும். மூன்றும் வேறுவேறாக இருக்கலாம். பார்வையில் போட வேண்டியது கையெழுத்திட்ட தேதி. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் என்றால் ஆவண எண்ணையும் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலி செய்வதாக முன்கூட்டியே சொன்னீர்கள் அல்லவா, அது வாட்ஸ்அப்பில் இருந்தால் அதுவும் பார்வையில் வரலாம். தேதியோடு, யார் யாருக்கு அனுப்பியது என்று எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது பார்வையில் வராது, அது எழுத்து இல்லை. “தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தீர்கள்” என்று கடிதத்துக்குள் ஒரு வாக்கியமாக வரட்டும்.

நிபந்தனைகளைச் சுட்டும்போது எண் போட்டுச் சுட்டுங்கள். சில ஒப்பந்தங்களில் எண்ணே இருக்காது, நீளமாக ஓடிக்கொண்டே போகும். அப்போது ‘2-ஆம் பக்கம், 3-ஆவது பத்தி’ என்று எழுதலாம். தமிழ் ஒப்பந்தம் என்றால் முக்கியமான அந்த ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் எழுத்து மாறாமல் எடுத்துப் போடுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் மேற்கோள் குறி வேண்டாம். எண்ணைச் சொல்லி, அதன் சாரத்தை உங்கள் தமிழில் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துவிடுங்கள். நீங்கள் மொழிபெயர்த்ததை மேற்கோளாகக் காட்டினால், ஒப்பந்தத்தில் அப்படி இல்லை என்று சொல்ல இடம் கிடைக்கும்.

சரி, முழுக் கடிதம் இப்படி அமையும். தேதிகளையும் நிபந்தனை எண்களையும் உங்கள் ஒப்பந்தங்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(ஒப்பந்தத்தில் உள்ளபடி வாடகைதாரர் பெயர்)
(இப்போதைய முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்
(ஒப்பந்தத்தில் உள்ளபடி உரிமையாளர் பெயர்)
(முகவரி)

நாள்: 16.05.2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: (கதவு எண், தெரு) வாடகை வீடு – 31.03.2025 அன்று காலி செய்து ஒப்படைத்தது – முன்பணப் பாக்கி ரூ.48,000 திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்களுக்கும் எனக்கும் இடையே 01.06.2023 அன்று ஏற்பட்ட வாடகை ஒப்பந்தம்.
2. தங்களுக்கும் எனக்கும் இடையே 01.05.2024 அன்று ஏற்பட்ட வாடகை ஒப்பந்தம்.
3. காலி செய்வது குறித்து 25.02.2025 அன்று தங்களுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி.

பார்வை 1, 2-இல் காணும் ஒப்பந்தங்களின்படி, தங்களுக்குச் சொந்தமான மேற்படி வீட்டில் 01.06.2023 முதல் 31.03.2025 வரை குடியிருந்தேன். பார்வை 1-இல் காணும் ஒப்பந்தத்தின் 4-ஆவது நிபந்தனையின்படி முன்பணமாக ரூ.60,000 செலுத்தியுள்ளேன். பார்வை 3-இன் மூலம் ஒரு மாதத்துக்கு முன்பே தகவல் தெரிவித்து, 31.03.2025 அன்று வீட்டைக் காலி செய்து சாவியைத் தங்களிடம் ஒப்படைத்தேன். அன்று வரையிலான வாடகையும் மின்கட்டணமும் பாக்கியின்றிச் செலுத்தப்பட்டுள்ளன.

பார்வை 2-இல் காணும் ஒப்பந்தத்தின் 8-ஆவது நிபந்தனையின்படி, வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கும்போது முன்பணம் திருப்பித் தரப்பட வேண்டும். 9-ஆவது நிபந்தனையின்படி, பெயிண்ட் அடிப்பதற்காக ஒரு மாத வாடகையான ரூ.12,000-ஐப் பிடித்தம் செய்துகொள்ளலாம். அத்தொகை போக எனக்கு வர வேண்டியது ரூ.48,000. பெயிண்ட் செலவு ரூ.25,000 ஆகும் என்று தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். ஒப்பந்தத்தின்படி இதற்கான பிடித்தம் ஒரு மாத வாடகை மட்டுமே.

எனவே, முன்பணப் பாக்கி ரூ.48,000-ஐ (ரூபாய் நாற்பத்தெட்டாயிரம் மட்டும்) 30.05.2025-க்குள் கீழ்க்காணும் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
(பெயர்)

வங்கிக் கணக்கு விவரம்: (பெயர், வங்கி, கிளை, கணக்கு எண்)

இணைப்பு: பார்வை 1, 2-இன் நகல்கள், பார்வை 3-இன் அச்சுப்படி, கடைசி மின்கட்டண ரசீது நகல்.

அனுப்புநர், பெறுநர் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்தான் எழுத வேண்டும், கையெழுத்திட்டவருக்குத்தான் எழுத வேண்டும். ஒப்பந்தம் உங்கள் மனைவி பெயரில் இருந்தால் கடிதமும் அவர் பெயரில்தான் போக வேண்டும். வாடகையை இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்தவர் மகனாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் தந்தை கையெழுத்திட்டிருந்தால் தந்தைக்கே எழுதுங்கள்.

நேரில் அண்ணா என்றோ அம்மா என்றோ கூப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். கடிதத்தில் ஐயா, பெண்மணி என்றால் அம்மையீர். முதலில் ‘தாங்கள்’ என்று தொடங்கினால் கடைசிவரை அதுவே இருக்கட்டும். கோபம் வரும் வாக்கியத்தில் மட்டும் ‘நீங்கள்’ என்று இறங்கிவிடுவதுண்டு, அனுப்பும் முன் அதைப் பாருங்கள். ‘தாழ்மையுடன்’ என்பதை நான் விட்டிருக்கிறேன். ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்தைக் கேட்க மரியாதை போதும். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் சேர்த்துக்கொள்ளலாம், கெடுதல் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தில் வக்கீல், வழக்கு என்ற பேச்சே வேண்டாம் என்பேன். “தவறினால் சட்டப்படி…” என்று சேர்த்த உடனே, படிப்பவர் கண் தேதியை விட்டுவிட்டு மிரட்டலுக்குப் போய்விடும். முதல் கடிதத்திலேயே அதைச் செலவழித்துவிட்டால் அடுத்ததில் சொல்ல ஒன்றும் இருக்காது.

நேரில் கொடுப்பதாக இருந்தால் இரண்டு படி எடுத்துப்போய், ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுப்பார் என்று தோன்றினால், பெற்றுக்கொண்டதற்குச் சான்று வரும் வகையில் அஞ்சலில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு சேர்த்து வையுங்கள். அதோடு வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் அனுப்பிவிடலாம்.

மே 30-க்குள் அவர் 35,000 மட்டும் அனுப்பினால், அதாவது 25,000-ஐப் பிடித்துக்கொண்டால், அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் “கணக்கு முடிந்தது” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த கடிதத்தில் இதே மூன்று பார்வைகளுக்குக் கீழே இந்தக் கடிதம் பார்வை 4-ஆகவும், அவர் பணம் அனுப்பிய தேதி பத்தியிலும் வரும். கோரும் தொகை ரூ.13,000 ஆகும். பொருளிலும் அதற்கேற்ப ‘எஞ்சிய முன்பணப் பாக்கி ரூ.13,000’ என்று மாற்றுங்கள். எதுவுமே வராமல் போனால் தொகை அதே 48,000தான். வட்டி, அலைச்சல் செலவு என்று கூட்டாதீர்கள், புதுத் தேதியை மட்டும் போடுங்கள்.